நடுத்தமனியில் ஒரு மணிமாலை

நாற்பதைத் தாண்டாத ஒரு பெண்ணுக்குப் பிரஷர் என்றால் நம் ஊரில் காரணங்கள் தயாராகவே இருக்கின்றன. வீட்டில் டென்ஷன், ஊறுகாயில் உப்பு, அப்பாவுக்கும் இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு எடை கூடிவிட்டது. பல சமயம் இவற்றில் ஏதோ ஒன்று உண்மையாகவும் இருந்துவிடும். அதனால்தான் இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாமல் போகிறது: சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி நடுவழியில் சுருங்கியிருக்கலாம்.

இதை எழுதுபவர் இடையீட்டுக் கதிரியக்க மருத்துவர். தொடையில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ரத்தக் குழாய்க்குள் கம்பியும் பலூனும் செலுத்துவது அவர் வேலை. அவருடைய அறைக்கு யாரும் நேராக வருவதில்லை. வெளியே ஒருவருக்குச் சந்தேகம் வந்து, ஸ்கேன் எழுதி, அனுப்பி வைக்க வேண்டும். அந்தச் சந்தேகம் யாருக்கும் வராததால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த பெண்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அவர்களில் ஒருவர், தென்மாவட்ட ஊரொன்றில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் 34 வயதுப் பெண். முதல் பிரசவத்தின்போது, 29 வயதில், அழுத்தம் கூடியது. கர்ப்பத்தில் வருவதுதான், பிள்ளை பிறந்ததும் இறங்கிவிடும் என்றார்கள். இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது; இரண்டு மூன்றானது. ஆம்லோடிபின், டெல்மிசார்டான், அவற்றோடு சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஒரு மாத்திரை. மூன்றையும் ஒழுங்காகப் போட்டும் 172/104. அடுத்த குழந்தை வேண்டுமென்று கேட்டபோதுதான் விஷயம் முற்றியது. டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதை நிறுத்தாமல் கர்ப்பம் தரிக்கக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் இன்னும் ஏறும். மகப்பேறு மருத்துவர் அவரைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் பழைய தலைமுறை மருத்துவர். இரு கைகளிலும் நாடி பார்த்தார், இரு கைகளிலும் அழுத்தம் பார்த்தார். பிறகு நோயாளியைப் படுக்கவைத்துத் தொப்புளுக்கு மேலேயும் இரு விலாப்புறங்களிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார். வலப்பக்கம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'உஸ்' கேட்டது. குறுகிய இடத்தைக் கடக்கும் ரத்தம் சுழன்று எழுப்பும் ஓசை அது. ஓசை இல்லாததால் அடைப்பு இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த வயதில் அது கேட்டுவிட்டால் அலட்சியப்படுத்த முடியாது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.3. சற்றுக் குறைவு. சிறுநீர் மாத்திரையாலும் குறையலாம், சிறுநீரகத்தின் குழப்பத்தாலும் குறையலாம்.

நோயாளியின் அம்மா அதுவரை வாசலருகே நின்றுகொண்டிருந்தார். "இது பிரஷர் வர்ற வயசா டாக்டரம்மா? எங்க வீட்ல ஒருத்தருக்கும் இல்லையே" என்றார். "அதனாலதான்மா தேடுறோம்" என்றார் மருத்துவர்.

சிறுநீரகம் தன்னிடம் வரும் ரத்தத்தின் அழுத்தத்தை ஓயாமல் கண்காணிக்கிறது. தமனி குறுகினால், குறுகலுக்கு அப்பால் அழுத்தம் விழுகிறது. உடம்பு முழுவதுமே அழுத்தம் விழுந்துவிட்டதென்று சிறுநீரகம் எண்ணிக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. ரெனின் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்கி, உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. மாடிவீட்டுக் குழாயில் துருப்பிடித்துத் தண்ணீர் வராவிட்டால், தொட்டி காலியென்று நினைத்து மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பதைப் போன்ற வேலை இது. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியில் கவ்வி பொருத்தி, அதை இறுக்கினால் அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1938-ல், அமெரிக்க மருத்துவர்கள் லெட்பெட்டரும் பர்க்லாண்டும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். ஐந்து வயதில் கடும் ரத்த அழுத்தம். இடம் மாறி அமைந்த அவனுடைய சிறுநீரகம் ஒன்றை அகற்றியதும் அழுத்தம் இயல்பானது. அதன் தமனிக்குள் தசைத்திசு புடைத்து வழியை அடைத்திருந்தது. ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்று இன்று அறியப்படும் நோயின் முதல் பதிவாக அதைச் சொல்வது வழக்கம்.

கொழுப்பு படிந்து வரும் அடைப்பு இதுவல்ல. கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமனிச்சுவரின் நடு அடுக்கில் தசைநார்கள் ஒழுங்கு குலைந்து, ஓரிடத்தில் தடித்து உள்ளே வளையமாக நீளும். அடுத்த இடத்தில் மெலிந்து வெளியே உப்பும். மீண்டும் தடிப்பு, மீண்டும் உப்பல். படத்தில் பார்த்தால் மணிமாலை. மருத்துவ நூல்கள் எல்லாமே இதை மணிமாலை என்றுதான் அழைக்கின்றன. உப்பிய மணிகள் சுற்றியுள்ள இயல்பான தமனியைவிடப் பெரிதாக இருப்பதுதான் அடையாளம். மாலையாக இல்லாமல் ஒரே இடத்தில் மட்டும் குறுகும் வகையும் உண்டு. அது சற்று அரிது.

இனி வருவதுதான் அனுபவத்தில் அதிகம் தவறிப்போகும் இடம். முதியவர்களுக்குக் கொழுப்பு அடைப்பு, மகாதமனியிலிருந்து சிறுநீரகத் தமனி பிரியும் வாய்ப்பகுதியில் வரும். மணிமாலை நோய் அந்த வாயைத் தொடாது. அது தமனியின் நடுவிலும் கடைசி மூன்றில் ஒரு பகுதியிலும் இருக்கும். அல்ட்ராசவுண்ட் அறையில் நேரமில்லாதபோதும், வயிற்றில் வாயு நிறைந்து மறைக்கும்போதும், ஆரம்பப் பகுதியை மட்டும் பார்த்து 'அடைப்பில்லை' என்று எழுதிவிடுவது நடக்கிறது. இந்தப் பெண்ணின் கோப்பிலும் ஓராண்டுக்கு முன் வேறொரு மையத்தில் எடுத்த டாப்ளர் அறிக்கை இருந்தது. இரு தமனிகளின் தொடக்கத்திலும் வேகம் இயல்பு, ஆகவே அடைப்பு இல்லை என்று அதில் இருந்தது. எழுதியது பொய்யில்லை. பார்க்காத இடத்தைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி டாப்ளர் செய்தபோது இரவு உணவுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல் காலையில் வரச் சொன்னார்கள். முதுகுப்புறத்திலிருந்தும் விலாப்புறத்திலிருந்தும் கருவியை வைத்து, சிறுநீரகத்திலிருந்து பின்னோக்கித் தமனியைத் தொடர்ந்து பார்த்தார்கள். வலது தமனியின் தொடக்கத்தில் ரத்தத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 80 சென்டிமீட்டர். நடுப்பகுதியில் 310. இருநூறைத் தாண்டினாலே சந்தேகிக்கலாம். ஓட்டம் கலங்கியிருந்தது. வலது சிறுநீரகத்தின் நீளம் 9.2 செ.மீ., இடது 10.7. அடுத்து சி.டி. ஆஞ்சியோகிராம். மெல்லிய துண்டுகளாக எடுத்த படத்தில் வலது தமனியின் நடுவிலிருந்து கிளைகள் பிரியும் இடம்வரை நான்கு மணிகள் தெரிந்தன. இடதில் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு பொறியும் உண்டு. இந்தியாவில் இளம்பெண்ணின் சிறுநீரகத் தமனி குறுகியிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது மணிமாலை நோயல்ல, தகாயாசு நோய். அது தமனிச்சுவரின் அழற்சி. நம் பகுதியில் அது அதிகம். அழற்சியின்போது காய்ச்சல், உடல்வலி, எடைக்குறைவு வரலாம், ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கலாம், ஒரு கையில் நாடி மெலிந்திருக்கலாம். குறுகல் தமனியின் வாயில் இருக்கும். பக்கத்து மகாதமனியின் சுவரும் தடித்திருக்கும். கட்டுரையாளர் நினைவில் இருபத்துச் சொச்ச வயதுப் பெண்ணொருத்தி உண்டு, சி.டி.யில் சிறுநீரகத் தமனி குறுகியிருந்தது என்று அனுப்பியிருந்தார்கள். அவளுடைய இடது கையில் அழுத்தம் வலது கையைவிட முப்பது புள்ளிக்கு மேல் குறைவாக இருந்தது, மகாதமனிச்சுவர் தடித்திருந்தது. அன்று பலூன் போடவில்லை. அழற்சி அடங்காத குழாயில் பலூன் போட்டால் மீண்டும் மூடிக்கொள்ளும். முதலில் அழற்சிக்கு மருந்து, அப்புறம்தான் மற்றது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஆர். இயல்பு, இரு கைகளிலும் அழுத்தம் சமம், மகாதமனி வழவழப்பாக இருந்தது. குறுகல் வாயிலிருந்து தள்ளி. எல்லாம் ஒரே பக்கம் காட்டின.

இந்த நோய் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை என்பதால் இன்னொரு படமும் தேவைப்பட்டது. கழுத்தில் மூளைக்குப் போகும் தமனிகளிலும் இதே மணிகள் வரலாம். மூளையில் ரத்தக்குழாய் வீக்கமும் இருக்கலாம். 2019-ல் வெளியான முதல் சர்வதேச ஒருமித்த வழிகாட்டுதல், இந்த நோய் எங்கே கண்டுபிடிக்கப்பட்டாலும் தலை முதல் இடுப்புவரை ஒருமுறையாவது தமனிகளைப் படமெடுக்கச் சொல்கிறது. காதில் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல், நெடுநாள் தலைவலி ஆகியவை கழுத்துத் தமனியைச் சுட்டலாம். 'இரைச்சல் இருக்கா?' என்று கேட்டதும் அந்தப் பெண், "ரொம்ப நாளா இருக்கு டாக்டர், காதுக்குள்ள ஏதோன்னு விட்டுட்டேன்" என்றார். இடது கழுத்துத் தமனியில் லேசான மணிகள் தெரிந்தன, வழி அடைபடவில்லை. மூளையில் வீக்கம் ஏதுமில்லை. கழுத்துத் தமனிக்குப் பலூன் அவசியமில்லை; குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் எழுதினார்கள்.

யாருக்கு வருகிறது? அமெரிக்காவின் நோயாளிப் பதிவேட்டில் முதலில் ஆராயப்பட்ட 447 பேரில் 91 சதவீதம் பெண்கள். 2012-ல் வெளியான அந்த அறிக்கையில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட சராசரி வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இளம்பெண்களின் நோய் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தது பாதி உண்மைதான். தொந்தரவு தொடங்கியதற்கும் கண்டுபிடிப்புக்கும் சராசரியாக நான்கு ஆண்டுகள் இடைவெளி இருந்ததையும் அதே அறிக்கை சொன்னது. பெண்களை ஏன் பிடிக்கிறது என்பதற்குத் திட்டவட்டமான விடை இல்லை. புகைப்பவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

இனி கேத்லாப்.

சிறுநீரகத் தமனிக்குப் பலூன் போடுவது புதிதல்ல. ஜூரிக்கில் இதயத் தமனிப் பலூனை அறிமுகம் செய்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், சிறுநீரகத் தமனியைப் பலூனால் விரித்ததையும் 1978-ல் பதிவு செய்தார். வயதானவர்களின் கொழுப்பு அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதால் மாத்திரையைவிடப் பெரிதாகப் பயனில்லை என்று 2009-ல் அஸ்ட்ரல் ஆய்வும் 2014-ல் கோரல் ஆய்வும் காட்டின. அவற்றைப் படித்துவிட்டு 'சிறுநீரகத் தமனிக்குப் பலூனே வேண்டாம்' என்று சொல்லும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. அந்த ஆய்வுகள் கொழுப்பு அடைப்புக்கானவை. மணிமாலை நோய்க்கு அவற்றைப் பொருத்தினால், இந்தப் பெண்ணைப் போன்றவர்கள்தான் கஷ்டப்படுவார்கள்.

தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனியில் ஆறு பிரெஞ்சு அளவுள்ள ஷீத் வைத்தார்கள். ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின். கதீட்டர் வலது தமனியின் வாய்க்குப் போனது. மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தபோது மணிகள் வரிசையாகத் தெரிந்தன. பார்க்க அழகு. ஆனால் எந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே எவ்வளவு இறுக்கம் என்பதைத் திரை காட்டாது. வளையங்கள் மெல்லிய திரை போன்றவை. எக்ஸ்ரே பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் பாதி கண்ணில் படுவதேயில்லை. சதவீதம் கணக்கிட்டுச் சொல்வது கணக்குக்காகச் சொல்வது. ஆகவே இந்த நோயில் கண்ணை நம்பாமல் அழுத்தத்தை அளக்க வேண்டும். நுனியில் அழுத்த உணரி பொருத்திய 0.014 அங்குலக் கம்பி ஒன்றை மணிகளைத் தாண்டிக் கொண்டுபோய், அங்குள்ள சராசரி அழுத்தத்தையும் மகாதமனியின் சராசரி அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் பார்ப்பது அதற்கான வழி. வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே போனால் குறுகல் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். அதற்கு மேலே இருந்தால் மணிகள் எவ்வளவு பயமுறுத்தினாலும் தொட வேண்டியதில்லை.

மகாதமனியில் 126. மணிகளுக்கு அப்பால் 88. வகுத்தால் 0.70.

இயல்பான தமனியின் அகலத்தை அளந்து 5 மி.மீ. பலூனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிடப் பெரிதாகப் போடும் ஆசை வரும். வரும்போது அடக்கிக்கொள்ள வேண்டும். மெலிந்த மணிச்சுவர்கள் கிழியும். நோயாளி விழித்திருந்தார். "பலூன் விரியும்போது இடுப்புப் பக்கம் லேசா இறுக்குற மாதிரி இருக்கும்மா, அது சரி. தாங்க முடியாம வலிச்சா உடனே சொல்லுங்க" என்று முன்பே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். இந்த அறையில் எந்தக் கருவியும் காட்டாத எச்சரிக்கையை நோயாளியின் வலி காட்டும். இழுபட்ட சுவர் லேசாக வலிக்கும். கடும் வலி கிழிசலுக்கு முன்னோடி; உடனே பலூனைச் சுருக்கிப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் பலூனையே மென்மையாக விரித்து ரத்தத்தைத் தடுத்துக்கொண்டு, உறையிட்ட ஸ்டென்ட் வைத்தாக வேண்டும். அதுவும் அறையில் தயாராக இருக்க வேண்டும்.

"லேசா இறுக்குது டாக்டர்" என்றார். பலூனைச் சுருக்கிப் படம் எடுத்தார்கள். மணிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. செவிலியர், "நல்லா வந்துடுச்சே சார்" என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. கம்பியைப் பார்த்தால் மகாதமனியில் 122, அப்பால் 105. வகுத்தால் 0.86. ஏதோ ஒரு வளையம் இன்னும் நிற்கிறது, படத்தில் தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் அடுத்த மாதம் அழுத்தம் கூடியே இருக்கும், நோய் திரும்பி வந்துவிட்டதென்று எழுதுவார்கள். கம்பியை மெதுவாகப் பின்னால் இழுத்தபடி எண்ணைக் கவனித்தபோது, கடைசிக் கிளைக்குச் சற்று முன்னால் அழுத்தம் தாவி ஏறியது. அந்த இடத்தில்தான் வளையம். அதே 5 மி.மீ. பலூனை அங்கே மட்டும் மீண்டும் விரித்தார்கள். மகாதமனியில் 120, அப்பால் 116. 0.97.

படம் முன்பைவிட அழகாகவும் இல்லை. ஓரிரு மணிகள் சற்று நெளிந்தே இருந்தன. ஸ்டென்ட் வைக்கவில்லை. இந்த நோயில் பலூன் மட்டும் போதும்; கிழிந்துவிட்டால் அல்லது பலூன் தோற்றுவிட்டால் மட்டுமே ஸ்டென்ட். தமனி கிளைகளாகப் பிரியும் இடத்தில் உலோகக் கூடு வைத்தால் அது வளைந்து முறியலாம், உள்ளே மீண்டும் தசை வளரலாம், பிற்பாடு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதையும் சிக்கலாக்கும்.

அன்றிரவு கட்டிலில் படுக்கவைத்து அழுத்தம் அடிக்கடி பார்த்தார்கள். மறுநாள் காலை 138/86. திடீரெனக் குறையும் என்பதால் பழைய மூன்று மாத்திரைகளையும் அப்படியே தொடரக் கூடாது. டெல்மிசார்டானையும் சிறுநீர் மாத்திரையையும் நிறுத்தி, ஆம்லோடிபின் மட்டும் வைத்தார்கள். ஒரு மாதத்தில் 126/80. ஆறு மாதத்தில் டாப்ளர் வேகம் 130. காதிரைச்சல் அப்படியேதான் இருந்தது. அது கழுத்துத் தமனிக்கு உரியது. அழுத்தம் முழுதாக மறையவில்லை. சிறிய அளவு மாத்திரை ஒன்று தொடர்ந்தது. அடுத்த கர்ப்பத்தைத் திட்டமிட அது தடையில்லை. தேவையானால் கர்ப்பகாலத்துக்குரிய மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதைக் குணம் என்று சொல்லலாமா? பலூனுக்குப் பிறகு மாத்திரையே இல்லாமல் 140/90-க்குக் கீழே இருப்பது என்ற கடுமையான அளவுகோலை வைத்தால், 2010-ல் வெளியான தொகுப்பாய்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள்தான் தேறினார்கள். வயது ஏறஏற அந்த வாய்ப்பு குறைந்தது. கட்டுரையாளர் பார்த்த வேறொரு பெண்ணுக்குப் பதினைந்து ஆண்டுகளாக அழுத்தம் இருந்தது, ஐம்பதைத் தாண்டியிருந்தார். பலூனுக்குப் பிறகு அவருடைய எண்ணும் 0.95-க்கு வந்தது. ஆனால் மூன்று மாத்திரைகளில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியவில்லை. அத்தனை ஆண்டு உயர் அழுத்தம் உடலெங்கும் சிறு தமனிகளை இறுக்கிவிட்டிருந்தது. பெரிய குழாயைத் திறந்ததால் அவை திறக்கவில்லை. காலம்தான் வித்தியாசம். ஐந்து ஆண்டிலேயே தமனியைப் பார்த்திருந்தால் அந்த அம்மாவுக்கும் ஒரு மாத்திரையாவது குறைந்திருக்கும் என்றுதான் அவர் நினைக்கிறார்.

பலூன் எல்லோருக்கும் இல்லை. ஒரு மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் இருந்து, சிறுநீரக வேலை சரியாக இருந்தால், டாப்ளரில் கண்காணித்தபடி இருக்கலாம். எந்த மாத்திரை என்பதில் மட்டும் ஒரு கவனம் உண்டு. டெல்மிசார்டான், எனாலப்ரில் போன்றவை ரெனின் தொடரையே தடுப்பதால் ஒருபக்கக் குறுகலுக்கு நன்றாக வேலை செய்யும். இரு பக்கமும் குறுகியிருந்தாலோ, ஒரே சிறுநீரகம் இருந்தாலோ, அவற்றைத் தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினின் ஏறிவிடும். ஆகவே தொடங்கியபின் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. கிரியாட்டினின் எகிறுவதையே துப்பாக வைத்து இரு தமனி நோயைக் கண்டுபிடித்ததும் உண்டு.

இளவயதிலேயே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், குறிப்பாக மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்கள், தாங்களாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தீர்களா, டாப்ளர் எடுத்திருந்தால் தமனியின் நடுவும் கடைசியும் தெரிந்ததென்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா. எழுதவில்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சி.டி. எடுத்தால் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.